பிளவுஸ் கட்டிங் சேனலை நம்பி வேலையை விடலாமா? வரவு, ஸ்பான்சர் ரேட், கேமரா செலவு எல்லாத்துக்கும் ஒரு கணக்கு

கேள்வி: "அக்கா, எனக்கு ஊர் பவானி. பிளவுஸ் கட்டிங் சேனல் வச்சிருக்கேன், 58,000 சப்ஸ்கிரைபர். போன மாசம் 4.1 லட்சம் வியூஸ், ஆட்சென்ஸ் 10,400 வந்துச்சு. ஒரு மெஷின் கம்பெனி 24,000 ரூபா மெஷினும் கையில 5,000மும் தர்றோம், தனி வீடியோ போடுங்கங்கறாங்க. வீட்டுக்காரர் 22,000 சம்பளத்தை விட்டுட்டு எடிட்டிங்குக்கு வர்றேங்கறாரு. கேமரா, லேப்டாப் இஎம்ஐல எடுத்துடலாமா? நான் தைக்கிறதுல ஒரு நாளைக்கு செலவு போக 900 நிக்கும்."

பதில்:

முதல்ல நேரா சொல்லிடறேன்மா, வீட்டுக்காரர் இப்ப வேலையை விட வேணாம், கேமரா இஎம்ஐ வேணாம், அந்த மெஷின் டீலை அவங்க சொன்ன மாதிரியே ஒத்துக்க வேணாம். ஆனா உங்க சேனல்ல ஒரு நல்ல தொழில் இருக்கு, அது ஆட்சென்ஸ்ல இல்ல, வேற இடத்துல இருக்கு. நானும் தையல் சேனல்தான் நடத்தறேன், அதனால நம்ம தொழில் கணக்கை வச்சே சொல்றேன், சமையல் சேனலுக்கோ டெக் சேனலுக்கோ இது அப்படியே பொருந்தாது.

உங்க 10,400ஐ முதல்ல பிரிச்சுப் பாருங்க. 4.1 லட்சம் வியூஸ்னு ஒரே நம்பரா பாக்கறதுலதான் நிறைய பேர் ஏமாந்துடறோம். யூடியூப் ஸ்டூடியோல ஷார்ட்ஸ் தனி, பெரிய வீடியோ தனினு காட்டும், ரெண்டுக்கும் ஆர்பிஎம் எவ்வளவுனு பாருங்க, அதாவது ஆயிரம் வியூவுக்கு உங்க கைக்கு எவ்வளவு வருதுங்கறது. உதாரணத்துக்கு ஷார்ட்ஸ் 2.6 லட்சம், அதுக்கு ஆயிரத்துக்கு ரெண்டு ரூபானு வச்சா 520 ரூபாதான். மிச்சம் 1.5 லட்சம் வியூ பெரிய வீடியோ, அதுக்கு ஆயிரத்துக்கு 66 ரூபானு வந்தா 9,900. ரெண்டும் சேர்ந்து உங்க 10,400 வந்துடுச்சு பாருங்க. நிஜ நம்பர் உங்க ஸ்டூடியோல கொஞ்சம் முன்னபின்ன இருக்கும், ஆனா உருவம் இதேதான் இருக்கும். பெரிய வீடியோல விளம்பரக் காசுல 55 சதவீதம் நமக்கு, ஷார்ட்ஸ்ல எல்லாரோட விளம்பரக் காசையும் ஒரே குடத்துல ஊத்தி, பாட்டுக்குப் போக மிச்சத்துல வியூ கணக்குப் படி பிரிச்சு, அதுல 45 சதவீதம். அதனால ஷார்ட்ஸை வருமானம்னு எழுதாதீங்க, ஊர்ல நோட்டீஸ் ஒட்டற மாதிரி அது. அதுக்கு ஒரு நாள்ல ரெண்டு மணி நேரம் போகுதுன்னா அந்த நேரத்துல ஒரு பிளவுஸ் வெட்டியிருக்கலாம்னு மனசுல வைங்க.

இந்த 10,400 எல்லா மாசமும் வராது. அக்டோபர்ல இருந்து டிசம்பர் வரைக்கும் தீபாவளி, வருசக் கடைசினு கம்பெனிக்காரங்க விளம்பரத்துக்குக் கொட்டுவாங்க, ஆர்பிஎம் ஏறும். ஜனவரி பிறந்ததும் அதே வியூவுக்கு காசு சடார்னு இறங்கும். நம்ம தொழில்ல இன்னொரு சிக்கல், மார்கழியும் ஆடியும் முகூர்த்தம் இல்ல, பிளவுஸ் ஆர்டரும் குறையும், "கல்யாண பிளவுஸ் டிசைன்"னு தேடறவங்களும் குறைவாங்க. அதனால நல்ல மாசத்தைப் பார்த்து முடிவு எடுக்காதீங்க, கடைசி 12 மாசத்துல ரொம்ப மோசமான மாசம் எதுவோ அதை எடுத்து ஒரு பேப்பர்ல எழுதுங்க. அந்த நம்பர்தான் ஆட்சென்ஸ் பத்தி உங்களுக்கு உண்மையைச் சொல்லும்.

இப்ப மெஷின் கம்பெனிக்கு வர்றேன், இதுலதான் நம்ம ஆளுங்க அதிகமா இழக்கறாங்க.

ஸ்பான்சருக்கு ரேட் சொல்ல சப்ஸ்கிரைபர் நம்பரைத் தொடவே தொடாதீங்க. கடைசியா போட்ட பத்து பெரிய வீடியோ எடுங்க, ஒவ்வொண்ணும் போட்டு 30 நாள்ல எத்தனை வியூ வந்துச்சுனு எழுதுங்க, சின்னதுல இருந்து பெருசுனு அடுக்குங்க. ஒரு மாதிரிக்கு 6,200, 7,100, 7,400, 8,000, 8,800, 9,200, 9,500, 11,000, 14,000, அப்புறம் ஓடிப்போன ஒரு வீடியோ 96,000னு வைங்க. சராசரி எடுத்தா 17,700 வரும், கேக்க நல்லா இருக்கும், ஆனா பத்துல ஒம்போது வீடியோ அந்த நம்பரைத் தொடவே இல்ல. நடுவுல நிக்கிறது 8,800ம் 9,200ம், அதனால உங்க நிஜ நம்பர் 9,000. கம்பெனிக்கு 9,000னே சொல்லுங்க. கூட்டிச் சொல்லி வாங்கினா முதல் டீல் வரும், ரெண்டாவது வராது, நமக்கு திரும்பத் திரும்ப வர்ற கம்பெனிதான் சோறு போடும்.

அடுத்து, இதுக்குக் கீழ போகவே மாட்டேன்னு ஒரு தரை ரேட் வேணும். தனி வீடியோனா மெஷினைப் பழகி, ஊசி, பாபின் எல்லாம் மாத்திப் பார்த்து, ரெண்டு மூணு துணியில ஓட்டி, ஷூட் பண்ணி, அவங்க சொல்ற திருத்தம் செஞ்சு முடிக்க மூணு நாள் ஆகும். உங்க கணக்குப் படி ஒரு நாள் 900, அப்ப 2,700. வீட்டுக்காரர் ரெண்டு ராத்திரி உக்காந்து எடிட் பண்றாரு, அதுக்கு ஒரு 1,000 போடுங்க, அவரு வீட்டு ஆளுங்கறதால சும்மானு எழுதக் கூடாது. துணி, நூல் 500. மொத்தம் 4,200. அப்ப அவங்க தர்ற 5,000ல உங்களுக்கு நிக்கிறது 800 ரூபா. மெஷின் இருக்கேங்கறீங்க, அதுக்கு வர்றேன்.

நான் ரேட் போடற வழி, 30 நாள் வியூவுக்கு ஒரு வியூ 60 பைசால இருந்து ஒரு ரூபா வரைக்கும். உங்க 9,000க்கு அது 5,400ல இருந்து 9,000. என் வழக்கமான வீடியோ நடுவுல ஒரு நிமிசம் அவங்க பொருளைக் காட்டறதுன்னா கீழ்ப்பக்கம், தனி வீடியோனா மேல்பக்கம், அதுக்கு மேலயும் கொஞ்சம். உங்க இடத்துல நான் இருந்தா ஒரு நிமிசத்துக்கு 6,000, தனி வீடியோக்கு 10,000னு சொல்லுவேன். இது என் அனுபவத்துல வந்த ரேட், சட்டம் இல்ல, ஆனா தரை ரேட் 4,200ங்கறது உங்க வீட்டுக் கணக்கு, அதை யாரும் மாத்த முடியாது.

ரேட்டை விட பேப்பர்ல எழுதற நாலு வரி முக்கியம். அவங்க உங்க வீடியோவை வெட்டி அவங்க விளம்பரமா காசு கட்டி ஓட்டலாமா, ஓட்டினா எத்தனை மாசம்? நான் இதுக்கு மாசத்துக்கு ரேட்ல பாதி தனியா வாங்கறேன், ஏன்னா என் முகம் அவங்களுக்கு கடை சேல்ஸ்மேன் ஆயிடுது. வேற மெஷின் காட்டக் கூடாதுனு எழுதியிருக்காங்களா? ஆறு மாசம்னா அந்த ஆறு மாசத்துல வர்ற வேற மெஷின் கம்பெனியை நீங்க திருப்பி அனுப்பணும், தையல் சேனலுக்கு மெஷின் கம்பெனிதான் பெரிய ஸ்பான்சர்ங்கறப்ப அது பெரிய இழப்பு. திருத்தம் எத்தனை தடவை? ஒண்ணு இலவசம், அதுக்கு மேல காசுனு எழுதுங்க. பணம் எப்ப? பாதி ஷூட்டுக்கு முன்னாடி, மீதி வீடியோ போட்டு ஏழு நாள்ல. "வீடியோ போட்ட 60 நாள்ல"னு எழுதினா அது 90 ஆகும், நாலு தடவை போன் பண்ணணும், நான் பட்டது.

அப்புறம் யாரும் கவனிக்காத ஒண்ணு. நம்ம ஷூட் மேல இருந்து கீழ பார்த்து எடுக்கறது. அவங்க மெஷினை மேசையில வச்சு தினமும் தைச்சீங்கன்னா அந்த லோகோ ஒவ்வொரு வீடியோலயும் நடு ஃபிரேம்ல நிக்கும், ரெண்டு வருசத்துக்கு, ஒரு பைசா இல்லாம. அவங்க 24,000 மெஷின் கொடுக்கறதோட கணக்கு அங்கதான் இருக்கு. மெஷின் வாங்கினா அந்த லோகோ மேல துணி டேப் ஒட்டுங்க, இல்லன்னா அது தெரியறதுக்கும் சேர்த்து ரேட் கேளுங்க.

அந்த மெஷின் சும்மாவும் வராது. 2022 ஜூலைல இருந்து, ஒரு கம்பெனி ஒரு வருசத்துல 20,000க்கு மேல மதிப்புள்ள பொருள் கொடுத்து அதை நீங்களே வச்சுக்கிட்டா 10 சதவீதம் டிடிஎஸ் உண்டு. 24,000 மெஷினுக்கு 2,400. பொருளாவே கொடுக்கறப்ப அதுல பிடிக்க முடியாதுங்கறதால அந்த வரியைக் கட்டினதுக்கு ஆதாரம் கொடுங்கனு உங்களைக் கேப்பாங்க, இல்ல கையில தர்ற காசுல கழிப்பாங்க. உங்க வருசக் கணக்குலயும் 24,000 வருமானமா ஏறும். வீடியோ முடிஞ்சு மெஷினைத் திருப்பிக் கொடுத்துட்டா இந்த வரி இல்ல. உங்ககிட்ட ஏற்கனவே நல்லா ஓடற மெஷின் இருந்தா, திருப்பித் தர்றேன், அதுக்குப் பதிலா காசா கொடுங்கனு கேக்கறதுதான் லாபம். கையில வர்ற காசுல கம்பெனி டிடிஎஸ் பிடிச்சா பயப்படாதீங்க, ரிட்டர்ன் ஃபைல் பண்றப்ப கணக்குல வந்துடும், ஆனா பேன் கார்டு சரியா கொடுங்க. எல்லா வரவும் சேர்ந்து வருசத்துக்கு 20 லட்சம் தாண்டினா ஜிஎஸ்டி ரெஜிஸ்டர் பண்ணணும், நீங்க இப்ப அங்க இல்ல.

வீடியோல விளம்பரம்னு சொல்லியே ஆகணும், இலவசமா வாங்கின பொருளா இருந்தாலும். அப்லோட் பண்றப்ப பெய்டு ப்ரமோஷன் டிக் போடுங்க, ஆரம்பத்துலயே தமிழ்ல வாயாலயும் சொல்லுங்க, ஸ்கிரீன்லயும் போடுங்க. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துல தப்பான விளம்பரத்துக்கு முதல் தடவை 10 லட்சம் வரைக்கும் அபராதம், திரும்ப நடந்தா 50 லட்சம் வரைக்கும் போகும், விளம்பரத்துல வர்றவங்களுக்கும் சேர்த்து. அதனால "தடிமன் துணியிலயும் ஓடும்"னு அவங்க எழுதிக் கொடுத்தா, ஜீன்ஸ் நாலு மடிப்பு நீங்களே ஓட்டிப் பார்த்துட்டு அப்புறம் சொல்லுங்க. ஊசி உடைஞ்சா அதையும் காட்டுங்க, இல்ல அந்த வரியை எடுத்துடுங்கனு சொல்லுங்க. உங்களைப் பார்த்து மெஷின் வாங்கறவ நகையை அடகு வச்சு வாங்கறா, அதை மறக்காதீங்க.

அடுத்து பிளாட்பார்ம் சமாச்சாரம். 2020 ஜூன் 29 ராத்திரி டிக்டாக் தடை வந்துச்சு இல்லையா, ஆரி ஒர்க், ஹேண்ட் எம்பிராய்டரி போட்டுட்டிருந்த எத்தனையோ பொண்ணுங்க அங்க லட்சக்கணக்குல ஃபாலோயர் வச்சிருந்தாங்க, விடியறப்ப ஒண்ணும் இல்ல. அவங்க எந்தத் தப்பும் பண்ணல. யூடியூப்பும் 2018ல விதியை மாத்தி, ஆயிரம் சப்ஸ்கிரைபரும் வருசத்துக்கு 4,000 மணி நேரமும் இல்லாத சேனலுக்கெல்லாம் காசை நிறுத்திச்சு. நமக்கு வாடகைக்கு விட்டிருக்கற வீடு இது, நம்ம பேர்ல பத்திரம் இல்ல.

ஆனா உங்க அளவு சேனலுக்கு தடையை விட பக்கத்துல நிக்கிற ஆபத்து ஒண்ணு இருக்கு, எனக்கே நடந்தது. ஒரு மெயில், பெரிய பிராண்டு பேரைப் போட்டு, நல்ல ரேட், ஒப்பந்தம் இணைச்சிருக்கோம்னு. ஒரு ஜிப் ஃபைல், பாஸ்வேர்டு மெயில்லயே இருந்துச்சு. எடிட் பண்ற தம்பி கம்ப்யூட்டர்ல திறந்தான். பாக்க பிடிஎஃப் மாதிரி படம், நிஜத்துல அது ஓடற புரோகிராம். அரை மணி நேரத்துல சேனல் பேர் மாறிச்சு, வீடியோ எல்லாம் பிரைவேட் ஆச்சு, யாரோ கிரிப்டோ காசு பத்தி லைவ் ஓட்டறாங்க. எனக்கு டூ ஸ்டெப் வெரிஃபிகேஷன் இருந்துச்சு, ஆனாலும் போச்சு, ஏன்னா அவங்க பாஸ்வேர்டைத் திருடல, பிரவுசர்ல ஏற்கனவே லாகின் ஆகியிருந்த குக்கீயைத் திருடிட்டாங்க. திரும்பி வர 11 நாள் ஆச்சு. அந்த 11 நாள்ல எனக்கு சோறு போட்டது கிளாஸ்ல இருந்த பொண்ணுங்க கட்டின காசுதான்.

அதுக்கப்புறம் நான் பண்றது இதுதான். விண்டோஸ்ல ஃபைல் பேர்ல கடைசி எழுத்து தெரியற மாதிரி வியூ மெனுல File name extensions ஆன் பண்ணி வச்சிருக்கேன், ஒப்பந்தம்னு வந்த ஃபைல் `.scr` இல்ல `.exe`னு முடிஞ்சா அது திருட்டு, வேற பேச்சே இல்ல. ரெண்டு பக்க ஒப்பந்தம் நூத்துக்கணக்கான எம்பி இருந்தாலும் அதேதான், ஆன்ட்டிவைரஸ் படிக்காம விடறதுக்காக ஊதிப் பெருக்கி அனுப்புவாங்க. ஒப்பந்தம் எதுவா இருந்தாலும் சேனல் லாகின் இல்லாத போன்லதான் திறப்பேன். எடிட் பண்றவங்களுக்கு பாஸ்வேர்டு தர்றது இல்ல, ஸ்டூடியோ செட்டிங்ஸ்ல பெர்மிஷன்ஸ் போய் எடிட்டர்னு அவங்க மெயிலைச் சேர்த்துடுவேன், சேனலை அழிக்கற அதிகாரம் அவங்களுக்குப் போகாது. அப்லோட் பண்ணின ஒவ்வொரு வீடியோவும் ஒரு ஹார்டு டிஸ்க்ல இருக்கும்.

பாட்டு விசயத்துலயும் கவனம். பின்னாடி சினிமா பாட்டு ஓடினா கிளெயிம் வந்து அந்த வீடியோ காசு பாட்டுக்காரங்களுக்குப் போயிடும், சேனலுக்கு ஆபத்து இல்ல, காசுதான் போகும். ஸ்ட்ரைக் வேற, 90 நாள்ல மூணு வந்தா சேனலே போகும். பக்கத்து வீட்டு கோயில் ஸ்பீக்கர் பாட்டுக்குக் கூட கிளெயிம் வரும், அதனால நம்ம ஷூட்ல வர்ற சத்தத்தை நீக்கிட்டு அப்புறமா வாய்ஸ் ஓவர் போடறது நல்லது.

இப்ப நான் முதல்ல சொன்ன வேற இடம். உங்களுக்கு பத்திரம் உள்ள வீடுன்னா அது கிளாஸும் பேப்பர் பேட்டர்னும்தான்.

58,000 பேர்ல 25 பேர் வந்தா போதும். பத்து நாள், சாயந்திரம் ஒன்றரை மணி நேரம், லைனிங் பிளவுஸ் ஒண்ணே ஒண்ணு, அளவு எடுக்கறதுல இருந்து ஹூக் வைக்கிற வரைக்கும், 600 ரூபா. 25 பேர்னா 15,000, உங்க ஒரு மாச ஆட்சென்ஸை விட அதிகம். ஆனா முதல் பேட்ச்ல 8 பேருக்கு மேல எடுக்காதீங்க. ஏன்னா சொல்லிக் கொடுக்கறது சுலபம், அவங்க அனுப்பற போட்டோவைத் திருத்தறதுலதான் நேரம் போகும். ஆம்ஹோல் வளைவு சரியா வரலைனு ஒருத்தர் அனுப்புவாங்க, பார்த்தா டேப்பை சாய்ச்சுப் பிடிச்சு அளந்திருப்பாங்க, போன் பண்ணித்தான் புரிய வைக்கணும். 8 பேருக்கு எத்தனை மணி நேரம் ஆச்சுனு எழுதி வைங்க, அப்புறம்தான் 25ஆ 15ஆனு தெரியும். சேந்தவங்க பேர், நம்பர் எல்லாம் அவங்க சம்மதத்தோட உங்க சொந்த ஷீட்ல ஏத்துங்க, வாட்ஸ்அப் குரூப்ல மட்டும் இருந்தா அதுவும் இன்னொருத்தர் வீடுதான்.

பேட்டர்ன் விக்கிறது இன்னும் நல்லது, ஒரு தடவை போட்டா பல தடவை விக்கும். 32ல இருந்து 42 வரைக்கும் அளவு. இதுல ஒரு குழியில நான் விழுந்திருக்கேன். பிடிஎஃப்பா அனுப்பினேன், அவங்க ஜெராக்ஸ் கடையில பிரிண்ட் எடுத்தாங்க, கடைக்காரர் Fit to page போட்டுட்டாரு. 100க்கு 95ஆ சுருங்கினா 36 இஞ்ச் மார்பளவு 34 சொச்சம் ஆயிடும், பிளவுஸ் ஏறவே ஏறாது, புதுத் துணி போச்சு, திட்டு எனக்கு. இப்ப முதல் பக்கத்துல 5 சென்டிமீட்டர் சதுரம் ஒண்ணு போட்டு, "Actual size போட்டு பிரிண்ட் எடுங்க, ஸ்கேல் வச்சு இந்தச் சதுரத்தை அளங்க, 5 இல்லைன்னா துணியில கத்தரி வைக்காதீங்க"னு எழுதியிருக்கேன். பாதி பேருக்கு இதுவே சிரமம்ங்கறதால பெரிய பேப்பர்ல பிரிண்ட் போட்டு மடிச்சு தபால்லயும் அனுப்பறேன், அனுப்பற செலவு போக ஒண்ணுக்கு 60 ரூபா நிக்குது. மாசம் 40 போனா 2,400.

மெம்பர்ஷிப், அஃபிலியேட் லிங்க் எல்லாம் சும்மா வச்சுக்கோங்க, கெடுதல் இல்ல, ஆனா கணக்குல எழுதற அளவுக்கு நம்ம தொழில்ல வராது.

கேமராவுக்கு வர்றேன். உங்க வீடியோ ரெண்டு மூணு பார்த்தேன். அதுல இருக்கற குறை எதுவும் கேமராவால இல்ல. கருப்புத் துணியில கை வந்தா படம் இருட்டாகுது, கை போனா பளிச்னு வெளுக்குது, அது போன் தானா வெளிச்சத்தை மாத்தறது. ஸ்கிரீன்ல துணி மேல விரலை அழுத்திப் பிடிச்சா லாக் ஆகும், ஷூட் முடியற வரைக்கும் மாறாது. அடுத்து, படத்துல கோடு கோடா அலை ஓடுது, அது எல்இடி பல்பு. நம்ம ஊர் கரண்ட் 50 ஹெர்ட்ஸ், அதனால புரோ மோடு போய் ஷட்டர் 1/50 இல்ல 1/100 வைங்க, 25 ஃபிரேம் இருந்தா அதுல எடுங்க, அலை நின்னுடும். அப்பவும் நிக்கலைன்னா பல்பு மட்டமானது, மாத்துங்க. தையல் தெரியலைங்கறது மூணாவது, லைட் நேர் மேல இருக்கு. லைட்டை இறக்கி, துணிக்குப் பக்கவாட்டுல மேசைக்கு ஒரு அடி உயரத்துல சாய்ச்சு வைங்க, ஒவ்வொரு தையலுக்கும் சின்ன நிழல் விழும், கருப்பு நூல் கருப்புத் துணியிலயும் தெரியும். ஒரு லட்ச ரூபா கேமரா வாங்கினாலும் லைட் மேல இருந்தா தெரியாது.

வாங்க வேண்டியதுன்னா, ரெண்டு லைட்டும் சேர்த்து நாலாயிரம் கிட்ட, வாய்ஸ் ஓவருக்கு காலர் மைக் ஆயிரம் ரூபாய்க்குள்ள வயர் வச்சது போதும், நடந்துகிட்டே பேசப் போறது இல்லையே. மேல இருந்து எடுக்க ஸ்டாண்டு வாங்காதீங்க, கேமரா ஸ்டாண்டு துணி இழுக்கறப்ப ஆடும். பக்கத்து வெல்டிங் பட்டறையில ஒரு இஞ்ச் சதுரப் பைப்புல சுவர்ல அடிக்கற மாதிரி கை ஒண்ணு செஞ்சு வாங்குங்க, 1,500 ஆகும், நான் வச்சிருக்கறது அசையவே இல்ல. பேக்கப்புக்கு டிஸ்க் ஒரு ஏழாயிரம். எல்லாம் சேர்ந்து 13,500 பக்கம். எடிட்டிங்குக்கு டாவின்சி ரிசால்வ் இலவசமாவே கிடைக்குது, ஆனா பழைய கம்ப்யூட்டர்ல திணறும், அப்ப போன்லயே எடிட் பண்ணுங்க, நம்ம வீடியோக்கு போதும்.

அந்த கேமரா லேப்டாப் ரெண்டும் சேர்ந்து இஎம்ஐ மாசம் 7,000 வரும்னு வச்சா, உங்க நல்ல மாச ஆட்சென்ஸ்லயே மூணுல ரெண்டு பங்கு போயிடும், மோசமான மாசத்துல முழுசும் போகும். பொருள் வாங்கறது ஸ்பான்சர் காசுல மட்டும், அதுவும் கைக்கு வந்தப்புறம்னு வச்சுக்கோங்க.

இப்ப வீட்டுக்காரர் வேலைக் கணக்கு. எல்லாம் நல்லா ஓடற மாசம், ஆட்சென்ஸ் 10,400, ஒரு ஸ்பான்சர் 6,000, கிளாஸ் 15,000, பேட்டர்ன் 2,400, மொத்தம் 33,800. துணி, நெட், கரண்ட், போன் தேய்மானம் எல்லாம் 5,000 போனா 28,800. சம்பளத்தை விட அதிகமா இருக்கேனு தோணும். மோசமான மாசம் எழுதுங்க, ஆட்சென்ஸ் 6,500, ஸ்பான்சர் இல்ல, பள்ளிக்கூடம் திறக்கற மாசம்னா அம்மாக்கள் கிளாஸுக்கு அவ்வளவா வர மாட்டாங்க, கிளாஸ் 8,000, பேட்டர்ன் 1,500. மொத்தம் 16,000, செலவு போக 11,000. அதுல அவரு சம்பளம் 22,000ம் இல்லைனா அரிசி வாங்கறதே யோசனை ஆயிடும். அதோட கிளாஸ் இன்னும் ஆரம்பிக்கவே இல்ல, அந்த 15,000 இப்போதைக்கு பேப்பர்லதான் இருக்கு.

அதனால எப்ப விடலாம்னா, ஆட்சென்ஸை ஒரு பைசா சேர்க்காம, கிளாஸ் பேட்டர்ன் ஸ்பான்சர் மூணும் சேர்ந்து செலவு போக ஆறு மாச சராசரி 22,000ஐத் தொட்டா, கூடவே ஆறு மாச வீட்டுச் செலவு பேங்க்ல தனியா இருந்தா. ஆட்சென்ஸ் காசை அந்தச் சேமிப்புக்கே போடுங்க, அதுதான் அதுக்கு சரியான வேலை. அதுவரைக்கும் அவரு ராத்திரியும் ஞாயித்துக்கிழமையும் எடிட் பண்ணட்டும். நீங்க தையலை விடவே விடாதீங்க, நாளைக்கு 900ங்கறதுக்காக மட்டும் சொல்லல, கஸ்டமர் கொண்டு வர்ற "கை தூக்கினா பிளவுஸ் மேல ஏறுது"ங்கற பிரச்சனைதான் உங்க அடுத்த வீடியோ, அதை வீட்டுல உக்காந்து யோசிச்சு எடுக்க முடியாது.

கம்பெனிக்கு இன்னைக்கே பதில் போடுங்க, இப்படி இருந்தா போதும்: "வணக்கம் சார். என் வீடியோவுக்கு 30 நாள்ல வழக்கமா 9,000 வியூ வரும், ஸ்டூடியோ ஸ்கிரீன்ஷாட் அனுப்பறேன். தனி வீடியோ 10,000, ஒரு நிமிசம் சேர்த்துக் காட்டறது 6,000. மெஷினை ரெண்டு வாரம் ஓட்டிப் பார்த்துட்டு திருப்பி அனுப்பிடறேன். விளம்பரம்னு வீடியோல சொல்லுவேன், ஓட்டிப் பார்த்து எனக்குத் தெரிஞ்சதை மட்டும்தான் சொல்லுவேன். ஒரு திருத்தம், பாதிப் பணம் முன்னாடி. விளம்பரமா ஓட்டணும்னா அது தனி ரேட்." பேரம் பேசுவாங்க, 4,200க்குக் கீழ மட்டும் இறங்காதீங்க. என்ன சொன்னாங்கனு இங்கயே போடுங்க, ஒப்பந்தம் அனுப்பினா கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி அந்த நாலு வரியை மட்டும் டைப் பண்ணிப் போடுங்க, பார்த்துச் சொல்றேன்.